நிலுவை ஆவணம் கேட்டு வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுதுவது எப்படி: புதிதாகக் கிளையில் சேர்ந்தவர்களுக்கு

நான் கிளிநொச்சியில் ஒரு நிதி நிறுவனக் கிளையில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் மனேஜர் ஒரு பட்டியலைத் தந்தார். நாற்பத்துச் சொச்சம் பெயர்கள். எல்லாருக்கும் அடையாள ஆவணம் ஏதோ ஒன்று குறைகிறது, கடிதம் போட்டு எடுக்க வேண்டும். தலைமை அலுவலகம் அனுப்பிய ஆங்கில மாதிரிக் கடிதத்தில் பெயரையும் கணக்கு இலக்கத்தையும் மட்டும் மாற்றி எல்லாருக்கும் ஒரே நாளில் அனுப்பினேன். "தவறினால் கணக்கு முடக்கப்படும்" என்ற வரி அதில் தடித்த எழுத்தில் இருந்தது.

நாலு நாள் கழித்து ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். கடிதத்தை வாசிக்கத் தெரியாமல் பக்கத்து வீட்டுப் பெடியனிடம் கொடுத்து வாசித்திருக்கிறார், அவன் "முடக்கப்படும்" என்ற இடத்தை மட்டும் சொல்லியிருக்கிறான். கவுண்டருக்கு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, நான் என்ன களவோ செய்தனான்?" வந்ததற்கு ஒரு நாள் கூலி போயிற்று, கையில் ஆவணம் ஒன்றும் இல்லை, ஏனென்றால் எதைக் கொண்டுவர வேண்டும் என்று கடிதத்தில் எழுதியிருக்கவே இல்லை. "தேவையான அடையாள ஆவணங்கள்" என்று மட்டும் இருந்தது. அந்த அக்கா மொத்தம் மூன்று தடவை வந்துபோன பிறகுதான் அவருடைய கோப்பு முடிந்தது. ஒரே தடவையில் முடித்திருக்கலாம். நீங்களாவது அப்படிச் செய்யக்கூடாது என்பதற்காக, அவருடைய கோப்பையே வைத்து எழுதுகிறேன். ஆளைத் தெரியாதபடி விவரங்களையும் திகதிகளையும் மாற்றியிருக்கிறேன்.

1. கடிதம் எழுத முதல் கோப்பைத் திறந்து பாருங்கள்

கணினிப் பட்டியலில் "நிலுவை" என்று வருவதெல்லாம் உண்மையில் நிலுவை இல்லை. என் பட்டியலில் ஒன்பது பேருக்குக் கடிதமே தேவைப்பட்டிருக்கவில்லை. ஆவணம் கோப்பிலேயே இருந்தது, அல்லது பழைய அடையாள அட்டை இலக்கமும் புதிய இலக்கமும் பொருந்தவில்லை என்று கணினி காட்டிக்கொண்டிருந்தது.

இந்த இரண்டாவதுதான் புதியவர்கள் விழுகிற குழி. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும் இருக்கும். 2016 முதல் வருகிற இலக்கம் பன்னிரண்டு. அட்டையைப் புதுப்பித்தவருக்குப் பழைய இலக்கம் இப்படி மாறும்: முன்னால் 19 சேரும், முதல் ஐந்து இலக்கம் அப்படியே வரும், பிறகு ஒரு பூச்சியம், பிறகு மிச்ச நாலு இலக்கம், கடைசி எழுத்து போய்விடும். இதை ஒரு கடதாசியில் எழுதிப் பார்த்தால் இரண்டு இலக்கமும் ஒரே ஆளுடையதா என்று அரை நிமிடத்தில் தெரியும்.

பிறந்த திகதியும் அதற்குள்ளேயே இருக்கிறது. இலக்கம் 73645 என்று தொடங்கினால் 1973 பிறப்பு, அடுத்த 645 என்பது 500க்கு மேல் இருப்பதால் பெண், 500ஐக் கழித்தால் 145ஆவது நாள். இங்கே பெப்ரவரியை எப்போதும் 29 நாளாகவே எண்ண வேண்டும், லீப் ஆண்டோ இல்லையோ. அப்படி எண்ணினால் மே 24. இருபத்தெட்டாக எண்ணினால் மே 25 வரும், நீங்கள் "பிறந்த திகதி பிழை" என்று ஒரு அநியாயக் கடிதம் எழுதுவீர்கள். நான் ஒன்று எழுதினேன்.

அக்காவின் கோப்பில் உண்மையிலேயே குறைந்தது இரண்டு. ஒன்று, அடையாள அட்டையின் பின்பக்கப் பிரதி. முன்பக்கத்தை மட்டும் யாரோ கொப்பி எடுத்து வைத்திருந்தார்கள், விலாசம் இருப்பது பின்பக்கத்தில். மற்றது, இப்போதைய வதிவிடத்துக்கு ஆதாரம்.

2. எந்த ஆவணம் என்று அதன் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்

வன்னியில் வதிவிட ஆதாரம்தான் அதிகம் இழுபடும். காரணம் உங்களுக்கே தெரியும். அட்டையில் இருப்பது இடம்பெயர முதல் இருந்த ஊர், ஆள் இருப்பது வேறு ஊரில், அதுவும் பலர் சொந்தக்காரரின் காணியில். அக்காவின் அட்டையில் கிளிநொச்சிப் பக்கத்து விலாசம். அவர் இருப்பது ஒட்டுசுட்டானில் சின்னம்மா வீட்டில்.

2016ஆம் ஆண்டு வந்த வாடிக்கையாளர் விதிகள், அட்டையிலுள்ள விலாசமும் இருக்கிற விலாசமும் வேறாக இருந்தால் மூன்று மாதத்துக்கு மேற்படாத பாவனைக் கட்டணப் பட்டியல் ஒன்றையோ நம்பகமான வேறு ஆதாரத்தையோ கேட்கச் சொல்கின்றன. பட்டியல் என்றால் மின்சாரம், தண்ணீர், நிலையான தொலைபேசி ஆகிய மூன்றுதான். கைபேசி பில் அதில் இல்லை. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பாதிப் பேருக்குக் கிணறுதான், வீட்டுத் தொலைபேசி யாரிடமும் இல்லை. ஆக நடைமுறையில் கரண்ட் பில் ஒன்றுதான் மிச்சம், அதுவும் வீட்டுக்காரரின் பெயரில் இருக்கும்.

அப்படி இன்னொருவரின் மேற்பார்வை விலாசத்தில் இருப்பவருக்கு, வீட்டுக்காரரின் சம்மதமும் வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. இதை நான் அக்காவுக்குச் சொல்லவில்லை. இரண்டாவது தடவை அவர் சின்னம்மாவின் கரண்ட் பில்லுடன் மட்டும் வந்தார், நான் திரும்ப அனுப்பினேன். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் பில்லை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனது இப்போதும் நினைவிருக்கிறது.

ஆகவே கடிதத்தில் இப்படி எழுதுங்கள்: சின்னம்மாவின் பெயரிலுள்ள, கடைசி மூன்று மாதத்துக்குள் வந்த மின்சாரப் பட்டியல், "இவர் என் வீட்டில் வசிக்கிறார், இந்த விலாசத்தைப் பாவிக்கச் சம்மதம்" என்று சின்னம்மா ஒப்பமிட்ட ஒரு தாள், அவருடைய அடையாள அட்டைப் பிரதி. பில் கிடைக்காவிட்டால் என்ன மாற்று என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழை எங்கள் கிளை ஏற்கும். உங்கள் கிளை ஏற்குமா, பிரதேச செயலகத்தின் மேலொப்பமும் வேண்டுமா என்று இணக்கப் பொறுப்பு அதிகாரியிடம் முதலே கேட்டுவிடுங்கள், வாடிக்கையாளர் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது கேட்க வேண்டாம்.

இன்னொன்று: தேவையில்லாததைக் கேட்காதீர்கள். "எதற்கும் இருக்கட்டும்" என்று பிறப்புச் சான்றிதழையும் சேர்த்துக் கேட்கிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. யுத்தத்தில் கடதாசி எல்லாம் போன ஒருவருக்கு அது பதிவாளர் அலுவலகத்துக்கு இன்னொரு நாள் அலைச்சல். அடையாளத்துக்குத் தேசிய அடையாள அட்டை, அல்லது காலாவதியாகாத கடவுச்சீட்டு, அல்லது சாரதி அனுமதிப்பத்திரம். இவற்றில் ஒன்று போதும்.

3. ஏன் கேட்கிறோம் என்பதற்கு இரண்டு வசனம், அதற்கு மேல் வேண்டாம்

சட்டத்தின் பெயரை மட்டும் போட்டால் ஆள் பயப்படுவார், ஒன்றுமே போடாவிட்டால் சந்தேகப்படுவார். இரண்டும் சேர வேண்டும். சட்டம் 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டம். அதன்படி ஒவ்வொரு நிதி நிறுவனமும் தன் வாடிக்கையாளர் யார், எங்கே இருக்கிறார் என்று உறுதிப்படுத்தி அந்தப் பதிவை வைத்திருக்க வேண்டும். இதைப் பார்ப்பது மத்திய வங்கிக்குள் இருக்கிற நிதியியல் உளவறிதல் பிரிவு. "உளவறிதல்" என்ற சொல்லைக் கடிதத்தில் போட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். எங்கள் சனத்துக்கு அந்தச் சொல் வேறு விதமாகக் கேட்கும். மத்திய வங்கியின் விதி என்று எழுதினால் போதும்.

அதோடு வாடிக்கையாளரின் பக்கத்துக் காரணத்தையும் சொல்லுங்கள், அதுவும் உண்மைதான். உங்கள் பெயரில் இன்னொருவர் வந்து காசு எடுக்காமல் இருக்க எங்களிடம் தெளிவான அட்டைப் பிரதி வேண்டும். நாங்கள் அனுப்புகிற கடிதம் உங்கள் கைக்கு வந்து சேர இப்போதைய விலாசம் வேண்டும். அக்காவுக்கு அவருடைய தம்பி வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிறார். அந்தக் காசை எடுக்கும்போது விவரம் பொருந்தாவிட்டால் கவுண்டரில் தடைப்படும் என்பதை ஒரு வரியில் சொன்னபோதுதான் அவருக்கு விளங்கியது.

எழுதக்கூடாத காரணம் ஒன்று இருக்கிறது. ஒருவரின் கொடுக்கல் வாங்கலில் சந்தேகம் வந்து மேலே அறிக்கை போயிருந்தால், அல்லது போகப் போகிறது என்றால், அதை அவருக்குத் தெரியப்படுத்துவது குற்றம். கடிதத்திலோ தொலைபேசியிலோ சாடையாகக்கூடச் சொல்லக்கூடாது. அப்படியான கோப்பு என்றால் கடிதத்தை நீங்களாக எழுதாமல் இணக்கப் பொறுப்பு அதிகாரியிடம் விட்டுவிடுங்கள். அதேபோல, எல்லாருக்கும் வழக்கமாகச் செய்கிற புதுப்பிப்பு என்றால் அதை அப்படியே எழுதுங்கள்: "உங்கள் மேல் எந்தக் குறையும் இல்லை". அக்காவின் முதல் கேள்விக்குப் பதில் இந்த வரியில் இருந்திருக்க வேண்டும்.

4. கடைசித் திகதியைக் கலண்டரைப் பார்த்துப் போடுங்கள்

"இக்கடிதத் திகதியிலிருந்து 14 நாட்களுக்குள்" என்று எழுதாதீர்கள். கடிதம் தபாலில் கிடந்து உபதபாலகம் போய் ஆளின் கைக்கு வரும்போது பதினாலில் பாதி போயிருக்கும். பிறகு கிராம சேவகரைப் பிடிக்க வேண்டும், அவர் எல்லா நாளும் அலுவலகத்தில் இருப்பதில்லை. மேலொப்பம் என்றால் பிரதேச செயலகத்துக்கு இன்னொரு நாள். நான் இப்போது கொடுப்பது ஐந்து கிழமை, அதுவும் நாளும் கிழமையும் சேர்த்து: "ஜூலை 15, புதன்கிழமை, பிற்பகல் 3 மணி".

போட முதல் மூன்றைப் பாருங்கள். அன்று போயாவா? மாதம் ஒன்று கட்டாயம் வரும், கிளை பூட்டு. அந்தக் கிழமையில் பெரிய திருவிழா இருக்கிறதா? வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கும் ஆகஸ்ட் நடுவில் மடுத் திருவிழாவுக்கும் ஊரே கிளம்பிவிடும். மூன்றாவது, வயல். காலபோக அறுவடை ஓடுகிற மாசி மாதத்தில் கெடு வைத்து நான் அனுப்பிய பன்னிரண்டு கடிதத்துக்கு வந்தவர்கள் இரண்டு பேர். மாரியில் சில உள்வீதிகளில் பஸ்ஸே போகாது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

அட்டை தொலைந்தவருக்கு இந்த ஐந்து கிழமையும் காணாது. பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி எடுத்து, ஸ்டூடியோவில் படம் எடுத்து, கிராம சேவகர் ஊடாக விண்ணப்பித்து, ஆட்பதிவுத் திணைக்களத்திலிருந்து புது அட்டை வரும்வரை அவரால் ஒன்றும் செய்ய முடியாது. கடவுச்சீட்டோ சாரதி அனுமதிப்பத்திரமோ இருந்தால் அதைக் காட்டச் சொல்லுங்கள். அதுவும் இல்லாவிட்டால், கெடுவுக்குள் விண்ணப்பம் போட்டதற்கான பற்றுச்சீட்டைக் கொண்டுவந்து திகதி நீடிப்புக் கேட்கலாம் என்று கடிதத்திலேயே எழுதுங்கள். நீடிப்பை யார் தரலாம் என்பது உங்கள் நிறுவனத்தின் உள்விதி. எங்களிடத்தில் மனேஜர் எழுத்தில் தருகிறார்.

5. திகதி தவறினால் என்ன நடக்கும்: நடக்கப்போவதை மட்டும் எழுதுங்கள்

"முடக்கப்படும்" என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்: காசு போயிற்று. உண்மையில் உங்கள் கிளை என்ன செய்யும்? எங்களிடத்தில் ஆவணம் வரும்வரை புதிய கொடுக்கல் வாங்கல் நிறுத்தி வைக்கப்படும். காசு அவருடையதாகவே இருக்கும், சேமிப்பு வட்டி சேரும், ஆவணம் கொடுத்த பிறகு திறக்கப்படும். தொடர்ந்து தராமலே விட்டால் கணக்கு உறவை முடிக்கவும் விதியில் இடம் உண்டு. இதைக் குறைத்தும் சொல்லாதீர்கள், கூட்டியும் சொல்லாதீர்கள். ஒரு தடவை "சும்மா ஒரு கடதாசி வேலைதான் அண்ணை" என்று ஒருவருக்குத் தொலைபேசியில் சொல்லி, அவர் வராமல் இருந்து, பிறகு உரத்துக்குக் காசு எடுக்க வந்த நாளில் கணக்கு நின்றிருந்தது. அந்தப் பேச்சு முழுக்க எனக்குத்தான்.

6. இப்போது நான் அனுப்புகிற கடிதம்

அக்காவின் கோப்புக்கு இன்று எழுதினால் இப்படித்தான் எழுதுவேன்:

> 2026 ஜூன் 8
>
> அன்புள்ள அம்மா,
>
> உங்கள் சேமிப்புக் கணக்கு (கடைசி நாலு இலக்கம் ....): இரண்டு ஆவணங்கள் தேவை
>
> உங்கள் கணக்கின் விவரங்களைப் புதுப்பிக்க, கீழே உள்ளவற்றை ஜூலை 15, புதன்கிழமை, பிற்பகல் 3 மணிக்குள் எங்கள் கிளையில் தாருங்கள்.
>
> முதலாவது: உங்கள் தேசிய அடையாள அட்டை. மூல அட்டையையே கொண்டுவாருங்கள், இரண்டு பக்கத்தையும் நாங்கள் இங்கே பிரதி எடுப்போம், கட்டணம் இல்லை.
>
> இரண்டாவது: நீங்கள் இப்போது வசிக்கும் வீட்டின் மின்சாரப் பட்டியல் (மூன்று மாதத்துக்குட்பட்டது). அது வேறொருவரின் பெயரில் இருந்தால், நீங்கள் அங்கே வசிக்கிறீர்கள், அந்த விலாசத்தைப் பாவிக்கச் சம்மதம் என்று அவர் ஒப்பமிட்ட கடிதமும் அவருடைய அடையாள அட்டைப் பிரதியும். பட்டியல் இல்லையென்றால் கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழ்.
>
> 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டமும் மத்திய வங்கியின் விதிகளும் எல்லா வாடிக்கையாளரிடமும் இவற்றைப் பெறச் சொல்கின்றன. உங்கள் பெயரில் வேறு எவரும் காசு எடுக்காமல் தடுக்கவும் இவை உதவும். இது வழக்கமான புதுப்பிப்பு, உங்கள் மேல் எந்தக் குறையும் இல்லை.
>
> ஜூலை 15க்குள் கிடைக்காவிட்டால், ஆவணம் வரும்வரை பணம் எடுப்பதும் வைப்பதும் நிறுத்தி வைக்கப்படும். உங்கள் பணமும் வட்டியும் அப்படியே இருக்கும். அந்தத் திகதிக்குள் முடியாவிட்டால் முன்னதாகவே கிளைக்குச் சொல்லுங்கள், நீடிப்புத் தரலாம்.
>
> இரகசிய இலக்கத்தையோ தொலைபேசிக்கு வரும் ஓடிபி இலக்கத்தையோ நாங்கள் ஒருபோதும் கேட்கமாட்டோம்.

ஒரு பக்கத்துக்குள் நிற்கிறது. இணக்கப் பொறுப்பு அதிகாரி ஒருமுறை பார்த்து ஒப்பமிட்ட பிறகு இதை உங்கள் மாதிரியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் "இரண்டாவது" பந்தியை ஒவ்வொரு கோப்புக்கும் புதிதாக எழுதுங்கள். அங்கே வெட்டி ஒட்டினால் திரும்பவும் மூன்று பயணம்தான்.

7. அனுப்புவதும் நினைவூட்டுவதும்

பதிவுத் தபாலில் அனுப்புங்கள். செலவு கூடத்தான், ஆனால் பற்றுச்சீட்டைக் கோப்பில் குத்தி வைத்தால் "எனக்கு வரவேயில்லை" என்ற பேச்சுக்கு இடமில்லை. உறையின் வெளிப்பக்கத்தில் "இறுதி அறிவித்தல்" என்றெல்லாம் அச்சடிக்காதீர்கள், தபால்காரருக்கும் ஒழுங்கைக்கும் தெரிய வேண்டிய விஷயம் இல்லை.

பத்து நாள் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு, கெடுவுக்கு ஒரு கிழமை முதல் இன்னொன்று. கிளையின் நிலையான இலக்கத்திலிருந்தே எடுங்கள். வேறு யாராவது எடுத்தால் விஷயத்தைச் சொல்ல வேண்டாம், திரும்ப எடுக்கச் சொல்லி வையுங்கள். ஆள் எடுத்தால் அவர் கையில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள், "பில் ஆற்றை பேரிலை இருக்கு அக்கா?" என்ற ஒரு கேள்வி ஒரு பயணத்தை மிச்சப்படுத்தும். வட்ஸப்பில் படம் அனுப்பச் சொல்லலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். சரியான ஆவணம்தானா என்று முன்கூட்டிப் பார்க்க வசதிதான், ஆனால் ஊழியரின் சொந்தத் தொலைபேசியில் சனத்தின் அடையாள அட்டை சேர்ந்து கிடப்பது நல்லதில்லை, மூலத்தைப் பார்க்காமல் கோப்பை முடிக்கவும் ஏலாது. நான் விட்டுவிட்டேன்.

8. கொண்டுவந்த அன்றே முடியுங்கள்

மூலத்தைப் பார்த்து, இரண்டு பக்கமும் பிரதி எடுத்து, "மூலம் பார்க்கப்பட்டது" என்று எழுதித் திகதியும் ஒப்பமும் வையுங்கள். பிரதியின் குறுக்கே கணக்குப் புதுப்பிப்புக்கு மட்டும் என்று ஒரு வரி. மூலத்தைக் கையோடு திருப்பிக் கொடுங்கள், "பிறகு வந்து எடுங்கோ" கூடாது. என்னென்ன பெற்றீர்கள் என்று ஒரு சிறு துண்டு எழுதிக் கொடுங்கள். இந்தப் பதிவுகளைக் குறைந்தது ஆறு வருடம் வைத்திருக்க வேண்டும் என்பதால் மங்கலான பிரதியை ஏற்காதீர்கள், மை தீர்ந்த மெசினில் எடுத்தது ஆறு மாதத்திலேயே வாசிக்க வராது.

அப்புறம் கணினியில் நிலுவைக் குறியை அகற்றுங்கள். இதைத்தான் நான் மறந்தேன். அக்கா மூன்றாவது தடவை வந்து எல்லாம் சரியாகக் கொடுத்துப் போனார், நான் பிரதிகளைக் கோப்பில் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டேன். குறி அப்படியே இருந்ததால் மாதக் கடைசியில் நினைவூட்டல் கடிதம் தானாகவே போயிற்று. இந்த முறை அவர் வரவில்லை. நான் எழுதிக் கொடுத்த துண்டைப் படம் பிடித்து மருமகளின் தொலைபேசியிலிருந்து கிளைக்கு அனுப்பியிருந்தார், கீழே ஒரு வரி: "தம்பி, இது உங்கட கையெழுத்துத்தானே?"